அவர் பென்ஷனில் எனக்கு எவ்வளவு?

அன்புள்ள அக்கா,

எனக்கு 35 வயது. குழந்தை பிறந்ததும் வேலையை விட்டேன். கணவருக்கு 42, தனியார் கம்பெனி, பி.எஃப். பிடிக்கிறார்கள். என் பெயரில் ஒன்றுமில்லை. கேட்டால், “என் பென்ஷன் நம்ம ரெண்டு பேருக்கும்தானே, உன் பேர்ல போட்டா இன்கம்டாக்ஸ் சிக்கல்” என்கிறார். அப்படியா?

- திருப்பூரிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

பாதிதான் சரி. பி.எஃப். பென்ஷனுக்குச் சம்பளம் எவ்வளவு இருந்தாலும் பெரும்பாலானவர்களுக்கு 15,000 ரூபாயைத்தான் கணக்கில் எடுப்பார்கள். அதை சர்வீஸ் ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 58 வயதில் அவருக்கு 25 வருட சர்வீஸ் என்று வையுங்கள். இருபது வருடம் முடித்தவர்களுக்கு இரண்டு வருடம் கூட்டித் தருவார்கள்; ஆக 27. மாதம் சுமார் 5,785 ரூபாய். அவருக்குப் பிறகு உங்களுக்கு அதில் பாதி: 2,900கூட முழுசாக வராது. விலைவாசி ஏறினாலும் இந்தத் தொகை ஏறாது. அவர் 80 வரை இருந்தாலும் உங்களுக்கு அப்போது 73தான். பி.எஃப். பணம் தனி, ஆனால் அது மொத்தமாக வருவது; வீடு, கல்யாணம் என்று மொத்தமாகப் போய்விடும்.

வரி விஷயத்தில் அவர் சொல்வதற்கு அடிப்படை உண்டு. கணவர் கொடுத்த பணத்தை மனைவி வங்கி டெபாசிட்டில் போட்டால், அந்த வட்டி கணவர் வருமானத்தோடு சேரும். ஆனால் பி.பி.எஃப். என்ற அரசுச் சேமிப்புக் கணக்கை உங்கள் பெயரில் தொடங்கினால் அதன் வட்டிக்கு வரியே கிடையாது, சேர்த்தாலும் பூஜ்யம்தான். கணக்குத் தொடங்க உங்களுக்கு வருமானம் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அவர் மாதம் 5,000 போட்டு வந்தால், இப்போதைய 7.1 சதவீதத்தில் 15 வருடத்தில் போட்ட 9 லட்சம் 15 லட்சத்தைத் தாண்டும்.

கூடவே அடல் பென்ஷன் என்ற அரசுத் திட்டம். வருமான வரி கட்டுபவர்கள் 2022 அக்டோபரிலிருந்து இதில் சேர முடியாது. அவர் கட்டுகிறவரானால் அவருக்கு இல்லை, உங்களுக்கு உண்டு. சேர 40 வயதுதான் எல்லை, அதனால் தள்ளிப்போடாதீர்கள். 35-இல் சேர்ந்தால் மாதம் 902 ரூபாய். 60-இலிருந்து மாதம் 5,000. உங்களுக்குப் பின் அவர் இருந்தால் அதே 5,000 அவருக்கு. பெரிதாகக் கனவு காணாதீர்கள்: வருடம் 6 சதவீத விலையேற்றம் என்றால் அன்றைய 5,000-க்கு இன்றைய 1,200 ரூபாய்ச் சாமான்தான் வரும். பால், கேஸ் செலவுக்கு ஆகும். அதனால்தான் பி.பி.எஃப்.-ஐ முதலில் சொன்னேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை. அவருடைய பி.எஃப். இணையதளத்தில், அவருக்குப் பின் பணம் யாருக்கு என்று பதிவு செய்யும் e-Nomination பகுதியைத் திறந்து இருவருமாகப் பாருங்கள். எங்கள் வீட்டில் திறந்தபோது கல்யாணத்துக்கு முன் கொடுத்த மாமியார் பெயர்தான் இருந்தது, மாமியார் இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. உங்கள் பெயர் ஆதாரில் உள்ள அதே எழுத்துகளில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.