கோத்தகிரியில் வீடு, காரமடையில் வேலை: 16,000 ரூபாயில் கைக்கு நிற்பது எவ்வளவு?

அம்மா, உங்கள் கடிதம் கிடைத்தது. மகள் பி.காம் முடித்துவிட்டாள், காரமடையில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது, பிடித்தம் போகக் கைக்கு 16,000 ரூபாய் என்று எழுதியிருக்கிறீர்கள். விடுதியில் விட மனமில்லை, "பஸ்ஸில் இரண்டு மணி நேரம்தானே, வீட்டிலிருந்தே போய் வரட்டும்" என்கிறார் அவளுடைய அப்பா. கோத்தகிரியிலேயே ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் 10,500 ரூபாய்க்கும் கூப்பிடுகிறார்கள். எதை எடுப்பது என்பது உங்கள் கேள்வி.

அந்த "இரண்டு மணி நேரம்" எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம். கோத்தகிரி பஸ் ஸ்டாண்டிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு 33 கிலோமீட்டர். அங்கிருந்து கோவை சாலையில் இன்னும் சற்று தூரம் போனால் காரமடை. பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் நேரத்தை மட்டும் கூட்டினால் அப்பா சொல்வது ஏறக்குறைய சரிதான். ஆனால் உங்கள் வீடு பஸ் ஸ்டாண்டில் இல்லை, அலுவலகமும் பஸ் நிறுத்தத்தில் இல்லை. வீட்டுக் கதவைப் பூட்டும் நேரத்துக்கும் அலுவலக நாற்காலியில் உட்காரும் நேரத்துக்கும் இடையே உள்ளதுதான் பயண நேரம்.

நீங்கள் தந்த விவரங்களை வைத்து அப்படியே கூட்டிப் பார்த்தேன். ஊரிலிருந்து மினி பஸ் பிடித்துக் கோத்தகிரி வர 25 நிமிடம். மேட்டுப்பாளையம் பஸ் கிளம்பும் வரை 15. மலை இறங்க 80. மேட்டுப்பாளையத்தில் பஸ் மாற 10, காரமடைக்கு 20, இறங்கி நடக்க 10. ஆக 2 மணி 40 நிமிடம். மாலையில் இதைவிடக் கூடும். ஏற்றத்தில் பஸ் திணறும். மேட்டுப்பாளையத்தில் கோத்தகிரி பஸ்ஸுக்காக நிற்க வேண்டும், கோத்தகிரியில் ஊர் பஸ்ஸுக்காக மறுபடி நிற்க வேண்டும். 3 மணி 5 நிமிடம் என்று வைத்திருக்கிறேன். ஒரு நாளைக்கு ஐந்தே முக்கால் மணி நேரம்.

அலுவலகம் காலை 9 முதல் மாலை 5.30 வரை. அப்படியானால் அவள் வீட்டிலிருந்து காலை 6.20-க்குக் கிளம்பி இரவு 8.35-க்குத் திரும்புவாள். இடையில் மிஞ்சும் ஒன்பதே முக்கால் மணி நேரத்தில்தான் சாப்பாடு, குளியல், துணி, தூக்கம் எல்லாம் நடக்க வேண்டும். மாதம் 25 வேலை நாள் என்றால் பயணம் மட்டும் சுமார் 144 மணி நேரம். அலுவலக நாள் எட்டரை மணி நேரம் என்பதால், மாதத்தில் இன்னும் 17 நாள் சம்பளமில்லாமல் வேலை பார்ப்பதற்குச் சமம் இது.

இனிப் பணம். டிக்கெட்டுக்குப் போக வர 110 ரூபாய் என்று எழுதியிருக்கிறீர்கள், மாதம் 2,750. பெரும்பாலான குடும்பங்கள் இந்தக் கணக்கோடு நிறுத்திக்கொள்கின்றன. ஆறு மணிக்குக் கிளம்புகிற பெண் வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டுப் போகமாட்டாள். மேட்டுப்பாளையத்தில் ஏதாவது சாப்பிடுவாள், மாலையில் டீயும் பஜ்ஜியும் வாங்குவாள். நாளுக்கு 50 என்றால் 1,250. ஊர் பஸ் போய்விட்ட இரவுகளில் ஆட்டோ அல்லது ஜீப், மாதம் 600. மாதத்தில் ஒரு நாளாவது பாதை அடைபட்டோ உடம்பு முடியாமலோ விடுப்பு எடுத்தால் சம்பளத்தில் 640 குறையும். மொத்தம் 5,240. கைக்கு நிற்பது 10,760.

பெண்களுக்குக் கட்டணமில்லாத பஸ் இருக்கிறதே என்று கேட்பீர்கள். எல்லா பஸ்ஸிலும் அது கிடையாது. உங்கள் தடத்தில் எந்தப் பகுதிக்குக் கிடைக்கிறது என்று கண்டக்டரிடம் கேட்டு, கிடைக்கும் தொகையைக் கழித்துக்கொள்ளுங்கள். கூடவே அந்தப் பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் நிமிடங்களைக் கூட்டிக்கொள்ளுங்கள். பத்து ரூபாய் மிச்சம் பிடிக்க இருபத்தைந்து நிமிடம் வெயிலில் நிற்பவர்கள் மேட்டுப்பாளையத்தில் நிறையப் பேர்.

இப்போது மூன்று வழிகளையும் ஒரே அளவுகோலில் வைக்கலாம். கைக்கு நிற்கும் பணத்தை, வேலை நேரத்தோடு பயண நேரத்தையும் சேர்த்து வகுக்க வேண்டும், அவ்வளவுதான். காரமடைக்குப் போய் வந்தால் மணிக்கு 30 ரூபாய். கோத்தகிரி ஆடிட்டர் அலுவலகத்தில், பஸ் செலவு 500 போக 10,000 நிற்கும். போக வர நாளுக்கு ஒரு மணி நேரம்தான் என்பதால் மணிக்கு 42. காரமடையில் நீங்கள் விசாரித்த மகளிர் விடுதி சாப்பாட்டோடு 5,500. வாரம் ஒரு முறை வீட்டுக்கு வர 440, உள்ளூர்ப் போக்குவரத்துக்கு 400. நிற்பது 9,660. வாரப் பயணத்தையும், விடுதியிலிருந்து அலுவலகம் போய் வர நாளுக்கு 40 நிமிடத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் மணிக்கு 38.

விடுதிக் கணக்கையும் தினப் பயணக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தினமும் போய் வருவதால் அதிகமாக நிற்பது மாதம் 1,100 ரூபாய். அதற்காகக் கொடுப்பது சுமார் 104 மணி நேரம். உங்கள் மகளின் ஒரு மணி நேரத்தைப் பதினொரு ரூபாய்க்கும் குறைவாக விற்கிறீர்கள். தோட்டத்தில் இலை பறிக்க வருபவரிடம் இந்தக் கூலியைச் சொன்னால் கூடையைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடுவார். விடுதி என்றால் செலவு என்ற எண்ணம் வீடுகளில் ஊறிப்போயிருக்கிறது. பஸ்ஸில் போகும் பணம் சில்லறையாகப் போவதால் அது செலவாகவே தெரிவதில்லை.

உடம்பின் கணக்கு ரூபாயில் வராது, ஆனால் சோதித்துப் பார்க்கலாம். கோத்தகிரி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் அடிவாரம். தினமும் ஒரு முறை இறங்கி ஒரு முறை ஏறுகிறாள். காலையில் ஸ்வெட்டரோடு ஏறுபவள், குஞ்சப்பனை தாண்டியதும் அதைக் கழற்றிப் பைக்குள் திணிப்பாள். காது அடைக்கும், வளைவுக்கு வளைவு வயிறு புரளும். வாந்தி மாத்திரை போட்டால் தூக்கம் வரும். அந்தத் தூக்கத்தோடு ஒன்பது மணிக்குப் பில்களைச் சரிபார்க்க உட்கார வேண்டும். பஸ்ஸில் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-க்குப் படித்துக்கொள்வாள் என்று எழுதியிருக்கிறீர்கள். சமவெளி ரயிலில் அது நடக்கும். மலைப் பாதையில் புத்தகத்தைக் குனிந்து பார்த்தாலே குமட்டும், காதில் பாடம் கேட்கலாம், அவ்வளவே. அந்த 104 மணி நேரம்தான் தேர்வுக்கு அவளிடம் இருந்த நேரம்.

எனவே முடிவெடுக்கும் முன் மூன்று வேலை நாள் தொடர்ந்து போய் வரச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். ஒன்று திங்களாக இருக்கட்டும். அலுவலக வாசல் வரை போய், கோவையில் வேறு வேலை இருந்தால் பார்த்துவிட்டு, 5.30-க்குக் காரமடையிலிருந்து கிளம்பட்டும். ஒவ்வொரு முறை பஸ் ஏறும்போதும் இறங்கும்போதும் டிக்கெட்டின் பின்பக்கம் நேரத்தை எழுதட்டும். இரவு சாப்பிட்டபின் அரை மணி நேரம் பாடப் புத்தகத்தை எடுத்து உட்காரட்டும். முதல் நாள் முடியும், எல்லோராலும் முடியும். மூன்றாம் நாள் இரவு புத்தகத்தைத் திறக்கிறாளா என்று கவனியுங்கள்.

அந்த மூன்று நாளும் நல்ல வானிலையில் அமைந்தால், அது ஆண்டின் நல்ல நாட்களுக்கான கணக்கு மட்டுமே. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்தோ மரம் விழுந்தோ பாதை நிற்கும். 2009 நவம்பரில் நிலச்சரிவால் நீலகிரி பட்ட பாடு உங்களுக்கு நினைவிருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் ஊட்டியிலிருந்து இறங்கும் சுற்றுலா வாகனங்களைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுவது வழக்கம் என்பதால், உங்கள் சாலையில்தான் நெரிசல். பலாப்பழக் காலத்தில் குஞ்சப்பனைப் பக்கம் யானை சாலைக்கு வந்தால், அது நகரும் வரை டிரைவர் வண்டியை நிறுத்தித்தான் ஆக வேண்டும். இந்தக் காரணங்களை அலுவலகத்தில் ஒரு முறை சொன்னால் சிரிப்பார்கள், மூன்றாம் முறை சம்பளத்தில் பிடிப்பார்கள்.

நிறுவனத்திடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. கணக்குப் பிரிவு வேலைக்கென்றே உள்ள கேள்வி அது. மாதாமாதம் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்யும் நிறுவனங்களுக்கு ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவம் 11-ஆம் தேதிக்குள், 3பி படிவம் 20-ஆம் தேதிக்குள் போக வேண்டும். இந்தத் தேதிகளுக்கு முந்தைய இரண்டு மூன்று நாட்களில் எத்தனை மணிக்கு விடுவீர்கள் என்று மகள் நேரடியாகக் கேட்கட்டும். "கொஞ்சம் முன்பின் ஆகும்" என்று பதில் வந்தால் இரவு எட்டு என்று எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு மேட்டுப்பாளையத்தில் கோத்தகிரிக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு, கோத்தகிரியில் உங்கள் ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரியுங்கள். ஊருக்கான கடைசி பஸ்தான் முடிவு செய்யும். அதைப் பிடிக்க முடியாத நாட்கள் மாதத்தில் நான்கைந்து வந்தால், தினப் பயணம் என்ற பேச்சையே எடுக்க வேண்டாம்.

இதே வேலைக்கு, கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் வழியிலுள்ள அரவேனுவில் பிரதான சாலையோரம் வீடுள்ள பெண் கேட்டிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். அவளுக்கு ஊர் பஸ் இல்லை, கோத்தகிரியில் காத்திருப்பதும் இல்லை. நாளுக்கு ஒன்றரை மணி நேரமாவது குறையும். அலுவலகமும் 8.30 முதல் 5 வரை என்று மாற்றிக்கொடுத்தால் முதல் ஓராண்டு சமாளித்துவிடலாம்.

உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது இது. குரூப் 4 எழுதுவதில் அவள் உறுதியாக இருந்தால் கோத்தகிரி வேலையை எடுக்கட்டும். ஆடிட்டர் அலுவலகத்தில் கற்கும் வேலையும் லேசானதில்லை, பல நிறுவனங்களின் கணக்கு கைக்கு வரும். தனியார் துறையிலேயே தொடர விரும்பினால் காரமடை, ஆனால் விடுதியோடு. அப்பாவின் தயக்கம் எனக்குப் புரிகிறது. இரவு எட்டரை மணிக்கு மினி பஸ் இறங்கி, பனிமூட்டத்தில் தேயிலைத் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் தனியாக நடந்து வருவது விடுதியைவிடப் பாதுகாப்பா என்று அவரிடம் கேளுங்கள்.

விடுதியை முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் பேசுங்கள். முன்பணம் திரும்ப வருமா, வெளியேற எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், சனிக்கிழமை மாலை கிளம்பித் திங்கள் காலை நேராக அலுவலகம் போனால் அந்த நாள் சாப்பாட்டுக்குக் கழிவு உண்டா என்று எழுதி வாங்குங்கள். அலுவலகத்திடம் சேரும் தேதியைப் பத்து நாள் தள்ளிக் கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். மூன்று நாள் சோதனைக்கு அந்த அவகாசம் போதும். டிக்கெட்டுகளின் பின்னால் எழுதிய நேரங்களை எனக்கு அனுப்புங்கள், நான் மேலே போட்ட நிமிடங்களைத் திருத்தி மறுபடி கணக்குப் போட்டுத் தருகிறேன்.