எண் இருந்தால் மறுசுழற்சி ஆகிவிடுமா?

கேள்வி: பிளாஸ்டிக் பாட்டில், டப்பா அடியில் முக்கோணத்துக்குள் 1, 2, 5 என்று எண் இருக்கிறதே, அதெல்லாம் மறுசுழற்சி ஆகும்தானே? அப்படியானால் ஏன் இவ்வளவு பிளாஸ்டிக் குப்பைக் கிடங்கில் கிடக்கிறது? சோளத்தில் செய்யும் பயோபிளாஸ்டிக் வந்தால் பிரச்சினை தீர்ந்துவிடுமா?

பதில்:

அந்த எண் "இது என்ன வகை பிளாஸ்டிக்" என்று மட்டும்தான் சொல்கிறது. 1988-இல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழில் சங்கம் கொண்டுவந்த அடையாளம் அது. 1 என்றால் பெட், அதாவது தண்ணீர் பாட்டில். 2 ஷாம்பு பாட்டில் போன்ற எச்.டி.பி.இ., 3 தண்ணீர்க் குழாய் போன்ற பி.வி.சி., 4 பால் கவர் போன்ற எல்.டி.பி.இ., 5 சாப்பாட்டு டப்பா போன்ற பி.பி., 6 தெர்மோகோல் சேர்ந்த பாலிஸ்டைரீன். இந்த ஆறில் அடங்காத எல்லாமே 7. எண்ணைச் சுற்றி அம்புக்குறி போட்டதால் மறுசுழற்சி ஆகும் என்ற உத்தரவாதமாகவே மக்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். அதனால்தான் 2013-இல் தரநிலையைத் திருத்தி, அம்புக்குறிக்குப் பதில் வெறும் முக்கோணம் போதும் என்றார்கள். பழைய அச்சுகள் மாறாததால் அம்புக்குறி இன்னும் கண்ணில் படுகிறது.

நான் பெட் பாட்டில் கழுவி அரைக்கும் ஒரு சிறிய ஆலையில் ஆறு வருடம் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். காயலான் கடைகளிலிருந்து பாட்டில் கட்டுக்கட்டாக வரும். பிரித்து, அரைத்து, நகத்தளவு சில்லாக்கி, காஸ்டிக் சோடா கலந்த சுடுநீரில் கழுவுவோம். அப்புறம் ஒரு நீளமான தண்ணீர்த் தொட்டி. மூடிகள் எச்.டி.பி.இ. அல்லது பி.பி., தண்ணீரைவிட லேசானவை, மிதக்கும். தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் பெட்டின் அடர்த்தி 1.38, மூழ்கும். மேலே மிதப்பதை வழித்து எடுத்தால் கீழே பெட் தனியாகக் கிடைத்துவிடும். செலவே இல்லாத பிரிப்பு இது. ஆனால் பி.வி.சி.யும் கிட்டத்தட்ட அதே அடர்த்திதான், அதுவும் பெட்டோடு சேர்ந்து அடியில் போய் உட்கார்ந்துவிடும்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை செய்வோம். காய்ந்த சில்லில் கொஞ்சம் எடுத்து அலுமினியத் தட்டில் பரப்பி, 220 டிகிரி ஓவனில் அரைமணி நேரம் வைப்போம். பெட் 250-ஐத் தாண்டினால்தான் உருகும், அதனால் லேசாக வெளுத்து அப்படியே கிடக்கும். பி.வி.சி. சில்லு பழுப்பாகிக் கருகியிருக்கும். நடுவில் எங்காவது உருகித் தட்டோடு ஒட்டிய பொட்டு தெரிந்தால், அது வேறு ஏதோ பிளாஸ்டிக். இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடை போடுவேன்.

ஒருமுறை அவசரத்தில் இந்தச் சோதனை செய்யாமலே ஒரு லோடு அனுப்பிவிட்டோம். பாட்டிலைச் சுற்றிச் சுருக்கி ஒட்டும் லேபிள் பி.வி.சி.யில் செய்தது, அது நிறைய கலந்திருந்தது. வாங்கியவர் இழை செய்ய அதை 270 டிகிரிக்கு மேல் உருக்கியபோது, பி.வி.சி. சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலம் வெளியேறியது. அந்த அமிலம் பெட்டின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை வெட்டிவிடும். இழை மஞ்சளாகி, கறுப்புப் புள்ளி விழுந்து, இழுக்க இழுக்க அறுந்திருக்கிறது. முழு லோடும் திரும்பி வந்தது. ஒரு பாட்டிலில் எண் 1 என்று சரியாகத்தான் இருந்திருக்கும். அதன்மேல் ஒட்டியிருந்த 3-ஐ யாரும் பார்க்கவில்லை.

சுத்தமாக, ஒரே வகையாக இருப்பதற்கே இந்தப் பாடு. ஷாம்பு சாஷேயை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே அச்சடித்த பெட் தாள், உள்ளே பாலித்தீன், நடுவில் மையும் பசையும் மெல்லிய அலுமினியப் பூச்சும். பாலித்தீனுக்கு ஏற்ற சூட்டில் உருக்கினால் பெட் உருகாமல் மணல்போல வந்து வடிகட்டி வலையை அடைக்கும். பெட்டுக்கு ஏற்ற சூடு வைத்தால் பாலித்தீன் கெட ஆரம்பிக்கும். தண்ணீர்த் தொட்டியிலும் பிரியாது, ஏனென்றால் அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டியே இருக்கின்றன. சரி, எப்படியோ பிரிக்கிறோம் என்றே வையுங்கள். யார் பொறுக்கித் தருவார்கள்? காலி பாட்டில் ஐம்பது அறுபது சேர்ந்தால் ஒரு கிலோ வந்துவிடும். காலி சாஷே ஒரு கிராம்கூட இருக்காது, கிலோவுக்கு ஆயிரத்துக்கு மேல் குனிந்து எடுக்க வேண்டும். பொறுக்குகிறவர்கள் அதைத் தாண்டிப் போவதில் எந்தத் தப்பும் இல்லை. தெர்மோகோலுக்கும் அதே கதி: பெரும்பகுதி காற்று, லாரி வாடகைக்கே கட்டாது. பால் கவர் மட்டும் விலை போகிறது என்றால், அது கெட்டியாக, பாலித்தீன் மட்டுமே கொண்டு செய்ததால்தான்.

இப்போது பயோபிளாஸ்டிக். இந்தப் பெயரில் இரண்டு வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்புகிறார்கள்: எதிலிருந்து செய்தது என்பது ஒன்று, கடைசியில் மக்குமா என்பது இன்னொன்று. பிரேசிலில் கரும்பு எத்தனாலிலிருந்து பாலித்தீன் செய்கிறார்கள். அது சாதாரண பாலித்தீனேதான், மக்காது, ஆனால் தொட்டியில் அதே மாதிரி மிதந்து அதே குவியலில் சேரும். பி.பி.ஏ.டி. என்பது பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வருவது, ஆனால் மக்கும். நீங்கள் கேட்கும் சோளப் பிளாஸ்டிக் பி.எல்.ஏ. வகை, சோளக் கப் என்று விற்பது இதில் செய்வதுதான். செடியிலிருந்து வந்தது, மக்கவும் செய்யும், ஆனால் நிபந்தனையோடு.

அந்த நிபந்தனை சூடு. தொழிற்சாலை முறையில் மக்கும் என்று சான்று தரும் சோதனையே 58 டிகிரியை ஒட்டித்தான் நடக்கிறது, ஆறு மாதத்துக்குள் 90 சதவீதம் சிதைய வேண்டும். பி.எல்.ஏ. அறுபது டிகிரியை நெருங்கும்போதுதான் இளகும், அப்போதுதான் தண்ணீரும் நுண்ணுயிரும் அதன் உள்ளே வேலை செய்ய முடியும். பெரிய உரக் குவியலின் நடுவில் அந்தச் சூடு வரும். நம் தோட்ட மண்ணில் வராது. எங்கள் வீட்டு உரக்குழியில் ஒரு சோளக் கப்பை வாழைத்தோலோடு புதைத்தேன். பதினான்கு மாதம் கழித்துத் தோண்டினேன். வாழைத்தோல் மண்ணாகிவிட்டது. கப்பைக் கழுவினால் கொஞ்சம் மங்கலாக இருந்தது, விளிம்பு வளையம்கூடக் குறையவில்லை.

அது பாட்டிலோடு கலந்தால் என் பழைய வேலைக்கும் தொல்லை. பார்க்கப் பெட் மாதிரியே கண்ணாடியாக இருக்கும், அடர்த்தி 1.24, தொட்டியில் பெட்டோடு மூழ்கும். உலர்த்தும் சூட்டிலேயே இளகி, நல்ல சில்லுகளையும் சேர்த்துக் கட்டியாக்கிவிடும். ஓவன் தட்டில் ஒட்டிய பொட்டாக வருவதும் இதுதான்.

மக்கும் பிளாஸ்டிக் சரியாகப் பயன்படும் இடம் இல்லாமல் இல்லை. இத்தாலியின் மிலான் நகரில் சமையல் கழிவை மக்கும் பையில் கட்டி வீட்டு வாசலில் வைக்கிறார்கள், அது தனியாக அதற்கான ஆலைக்குப் போகிறது. வீட்டில் பையைப் பிரித்துக் கொட்டும் வேலை மிச்சமாகிறது. அங்கே முதலில் தனி வண்டியும் ஆலையும் இருந்தன, பை அதற்குத் துணை.

என் மச்சான் ஜூஸ் கடை வைத்திருக்கிறார். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் டம்ளருக்குத் தடை என்பதால், சோளக் கப் வாங்கலாமா என்று கேட்டார். "கடை சாத்தினதும் கப்பெல்லாம் எங்க போகுது மச்சான்?" என்றேன். மாங்கொட்டை, பேப்பர், எல்லாம் ஒரே கூடையில் போய்க் கிடங்கில் கொட்டப்படுகிறது என்றார். இப்போது உட்கார்ந்து குடிப்பவர்களுக்கு நாற்பது கண்ணாடி டம்ளர் வாங்கிவிட்டார். பார்சலுக்கு லேபிள் ஒட்டாத பெட் பாட்டில் வைத்திருக்கிறார், அதைக் காயலான் கடைக்காரர் தயங்காமல் எடுத்துக்கொள்கிறார்.