தொடுகோட்டு முறையில் வர்க்கமூலம்: கேள்வி பதில்

ஐயா, 7-இன் வர்க்கமூலத்துக்கு 3-ஐ ஊகமாக எடுத்து, 7-ஐ அதனால் வகுத்து, இரண்டுக்கும் சராசரி எடுக்கச் சொன்னீர்கள். இதில் தொடுகோடு எங்கே வருகிறது?

y = x² − 7 என்ற வளைவரை x அச்சை வெட்டும் இடமே நாம் தேடும் எண். x = 3 என்னும் இடத்தில் வளைவரையின் உயரம் 2, தொடுகோட்டின் சாய்வு 6; எனவே அக்கோட்டின் வழியே இறங்கினால் 3-இலிருந்து 2/6 குறைந்து 8/3-இல் அச்சை அடைகிறோம். 3, 7/3 ஆகியவற்றின் சராசரியும் அதே 8/3தான்.

அடுத்த சுற்றில் 127/48, அதாவது 2.645833, அதற்கடுத்து 2.6457513123. உண்மை மதிப்பு 2.6457513110 என்பதால், நம் விடைகளில் உள்ள மிகை முறையே 0.02, 0.00008, 0.0000000013 எனச் சுருங்குகிறது. பழைய பிழையை வர்க்கப்படுத்தி, ஊகத்தின் இருமடங்கால் வகுத்தால் வருவதே புதிய பிழை. பூச்சியங்கள் இரட்டிப்பாவதற்குக் காரணம் அந்த வர்க்கம். இங்கே வகுக்கும் எண் ஐந்துக்கு மேல் இருப்பதால் சில சுற்றுகளில் இரட்டிப்புக்கும் சற்று அதிகமாகவே கிடைக்கிறது.

ஒவ்வொரு சுற்றிலும் இலக்கங்கள் இரட்டிப்பாகும் என்றால், 100-இல் தொடங்கினாலும் நான்கைந்து சுற்றில் முடிந்துவிடும் அல்லவா?

இரட்டிப்பு உண்மை, ஆனால் அது விடைக்கு அருகில் வந்த பிறகே தொடங்கும். 7/100 மிகச் சிறியது என்பதால் முதல் சராசரி 50.035, அடுத்தது ஏறத்தாழ 25.09, வெறுமனே பாதியாக்கிக்கொண்டே போகிறோம். ஆறு சுற்றுக்குப் பிறகுதான் 2.83 வருகிறது.

நான் 50-க்குப் போட்டுப் பார்த்தேன். எத்தனை முறை செய்தாலும் 7.07-ஐத் தாண்டவில்லை. முறை தவறா?

ஒவ்வொரு வகுத்தலையும் இரண்டு தசம இடங்களில் நிறுத்தியிருப்பீர்கள் என நினைக்கிறேன். அப்போது ஈவும் 7.07, சராசரியும் 7.07. ஊகத்தைச் சுருக்கிக்கொள்வதில் தீங்கில்லை, ஈவைத்தான் சுருக்கக் கூடாது. 50-ஐ 7.07-ஆல் நீளமாக வகுத்தால் 7.072135785, சராசரி 7.0710678925. இதில் ஏழு தசம இடங்கள் சரியானவை. ஊகத்தில் எத்தனை இலக்கங்கள் சரியோ அதைப் போல் இருமடங்குக்கும் ஓரிரண்டு கூடுதலாக ஈவை எழுதுங்கள். இடையில் ஒரு வகுத்தல் பிழைத்தாலும் அது வேறோர் ஊகமாக மாறுமே தவிர விடையைக் கெடுக்காது. கடைசிச் சுற்றில் பிழைத்தால் மட்டும் யாரும் காப்பாற்ற முடியாது. ஆகவே விடையை ஒருமுறை வர்க்கப்படுத்திப் பார்ப்பேன்.

பள்ளியில் இலக்கங்களை இரண்டிரண்டாகப் பிரித்துச் செய்தோமே, அதுதானே இது?

அது வேறு, அம்மா. அதில் ஒரு படிக்கு ஓர் இலக்கம்தான் வரும், ஆனால் வந்த இலக்கம் மாறாது. மூன்று நான்கு இலக்கங்களுக்கு எது விரைவு என்பதில் கையால் கணக்கிடுவோரிடையே ஒத்த கருத்து இல்லை. நீண்ட வகுத்தலில் ஒருவருக்குள்ள பழக்கத்தைப் பொறுத்தது அது. எட்டு இலக்கங்களுக்கு மேல் போகும்போது நான் தொடுகோட்டையே எடுக்கிறேன்.