சாய்ந்த தொட்டியில் தண்டும் வேரும்: ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். மாடியில் காராமணி நாற்று வைத்த தொட்டி காற்றில் சாய்ந்து இரண்டு நாள் அப்படியே கிடந்துவிட்டது. எடுத்துப் பார்த்தால் தண்டு மேலே வளைந்திருக்கிறது, வேர் கீழே போயிருக்கிறது. சாய்ந்த செடியில் கீழ்ப்பக்கம்தான் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் சேரும் என்று மகளின் பாடப்புத்தகம் சொல்கிறது. இரண்டிலும் கீழ்ப்பக்கம் என்றால், ஒன்று மட்டும் ஏன் மேலே போகிறது? வெளிச்சம் ஆக்சினை அழித்துவிடும் என்கிறார்களே, அதுதான் காரணமா?

அன்புள்ள சகோதரி,

புத்தகம் சொல்வது சரிதான், இரண்டிலும் கீழ்ப்பக்கம்தான் கூடுதலாகச் சேர்கிறது. வித்தியாசம் அதைப் பெறும் செல்களில் இருக்கிறது. தண்டில் ஆக்சின் கூடினால் செல்லின் சுவருக்குள் அமிலத்தன்மை ஏறி, சுவர் இளகி, செல் நீள்கிறது. அதனால் அடிப்பக்கம் வேகமாக நீண்டு தண்டை மேலே திருப்பிவிடுகிறது. வேரோ ஆக்சினுக்குத் தண்டைவிடப் பல மடங்கு கூருணர்வு உள்ளது. தண்டை நீளவைக்கும் அளவு வேருக்கு மிகை, வளர்ச்சியை அடக்கிவிடும். ஆகவே அடிப்பக்கம் தயங்க, மேல்பக்கம் வழக்கம்போல நீள, நுனி கீழே சாய்கிறது.

கீழ் எது என்று வேருக்குச் சொல்வது அதன் நுனித் தொப்பியில் இருக்கும் கனமான மாவுமணிகள். வேரைப் படுக்கவைத்தால் அவை சில நிமிடங்களில் செல்லின் புதிய அடிப்பக்கத்தில் இறங்கிவிடும். உடனே ஆக்சினைக் கடத்தும் புரதங்களும் அந்தப் பக்கம் கூடி, நுனிக்குப் பின்னால் நீண்டுகொண்டிருக்கும் பகுதியின் அடிப்பக்கமாக அதை அனுப்புகின்றன. தொப்பியை மட்டும் நறுக்கிவிட்டால் வேர் வளரும், ஆனால் புதுத் தொப்பி வரும்வரை திசை தெரியாது.

சரி, வெளிச்சம். அழிப்பதில்லை, நகர்த்துகிறது. 1957-ல் அமெரிக்கத் தாவரவியலாளர் வின்ஸ்லோ பிரிக்ஸும் உடனிருந்தவர்களும் மக்காச்சோள முளைக்குருத்து உறைகளின் நுனிகளை அகார் என்ற கூழ்க் கட்டியில் வைத்து, வடிந்த ஆக்சினை அளந்தார்கள். இருட்டில் இருந்ததும் பக்கவாட்டு ஒளி பட்டதும் மொத்தத்தில் ஏறக்குறைய ஒரே அளவையே தந்தன. நுனியை மெல்லிய கண்ணாடித் தகட்டால் முழுக்கப் பிரித்தபோது இரண்டு பாதியும் சமம், உச்சியை ஒட்டியபடி விட்டுக் கீழே மட்டும் பிரித்தபோது நிழல்பக்கம்தான் அதிகம். அதாவது ஒளிப்பக்கத்திலிருந்து ஆக்சின் குறுக்கே கடந்திருக்கிறது. நிழல்பக்கம் அதிகம் நீள்வதால் தண்டு ஒளியை நோக்கித் திரும்புகிறது. இதைத் தூண்டுவது முக்கியமாக நீல ஒளி.

ஆனால் உங்கள் மாடியில் வெளிச்சமும் மேலிருந்துதான் வருகிறது. ஒளி, ஈர்ப்பு இரண்டுமே தண்டை ஒரே திசையில் இழுப்பதால், அந்தச் செடியை வைத்து எது காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. மகளோடு பயறு இரண்டு தொட்டியில் முளைக்கவிடுங்கள். ஒன்றைப் படுக்கவைத்து, வெளிச்சம் துளிகூடப் புகாத பெட்டிக்குள் வையுங்கள். அப்போதும் தண்டு மேலே திரும்பும், அது ஈர்ப்பின் வேலை மட்டும். மற்றதை நிமிர்த்தி, ஒரு பக்கம் மட்டும் துளையிட்ட பெட்டிக்குள் வையுங்கள். துளைப்பக்கம் சாய்ந்தால் அது ஒளியின் வேலை.

அப்புறம் ஒன்று. முற்றிய தண்டில் இதை எதிர்பார்க்காதீர்கள். இன்னும் நீள்கிற செல்கள்தான் வளைய முடியும், அதனால் வளைவு நுனிக்குச் சற்றுக் கீழே இருக்கும், அடித்தண்டு கிடந்தபடியே கிடக்கும்.