கஸ்டமர் மெஷின், பில்லிங் மெஷினைத் தனித்தனி வீலானாகப் பிரிக்க ஓனரிடம் என்ன எழுதிக் கொடுப்பது?

"எனக்குத் தெரிந்த சைபர் கஃபேயில் எல்லா கம்ப்யூட்டரும் ஒரே நெட்வொர்க்கில் இருக்கின்றன. பில்லிங்கைத் தனி வீலானில் போடச் சொல்லி புரொபோசல் தரப்போகிறேன். எப்படி எழுதினால் ஓனர் ஒத்துக்கொள்வார்?"

"இப்ப எல்லாம் நல்லாத்தானே ஓடுது" என்பார் உங்கள் ஓனரும். அதனால் முதல் பக்கத்தில் வீலான் என்ற சொல்லே வேண்டாம்.

நான் வேலை செய்துகொடுத்த கஃபேயில் ஓனரை ஒரு கஸ்டமர் சீட்டில் உட்காரவைத்து, ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் `\\192.168.1.10` என்று அடிக்கச் சொன்னேன். பில்லிங் மெஷினின் முகவரி அது. ஸ்கேன் ஃபோல்டரைப் பாஸ்வேர்டு இல்லாமல் ஷேர் செய்திருந்தார்கள். யார் யாருடைய அடையாள அட்டையோ வரிசையாக வந்து நின்றது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவர் கேட்டார்: "பிரிச்சா டைமர் ஓடுமா?"

புரொபோசலில் பாதி இந்தக் கேள்விக்கான பதிலாக இருக்கட்டும். டைமர் கிளையன்ட் பில்லிங் சர்வரைப் பிராட்காஸ்ட் அனுப்பித் தேடுகிற ரகம் என்றால், அது வீலானைத் தாண்டாது. பிரித்த மறுநாள் காலை எந்த சீட்டும் திறக்காது. ஆகவே ஒவ்வொரு கிளையன்ட்டிலும் சர்வர் ஐபியைக் கையால் கொடுக்க வேண்டும். பில்லிங் வீலான் 10, கஸ்டமர் வீலான் 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். ரவுட்டரில் 20-லிருந்து 10-க்கு டைமர் மென்பொருளின் போர்ட் மட்டும் திறந்திருக்கும், மற்றதெல்லாம் அடைப்பு. 10-லிருந்து 20-க்குப் போகலாம், அதற்கான பதிலும் திரும்பி வரலாம்.

அடுத்த சிக்கல் பிரிண்டர். பில்லிங் மெஷினில் யுஎஸ்பியில் செருகி ஷேர் செய்திருந்தால், கஸ்டமர் பிரிண்ட் எடுக்க 445 போர்ட்டைத் திறக்க வேண்டிவரும். அந்த ஸ்கேன் ஃபோல்டரும் அதே போர்ட்டில்தான் வருகிறது! பிரிண்டரை நெட்வொர்க் கேபிளில் மாற்றி 20-இல் வையுங்கள். பில்லிங்கிலிருந்தும் பிரிண்ட் போகும்.

மேனேஜ்டு சுவிட்சும், வீலான் தெரிந்த ரவுட்டரும் வேண்டும். சாதா சுவிட்சில் இது நடக்காது. பிரித்தபின் பில்லிங் மெஷினின் புது முகவரி 192.168.10.5 என்று வைத்துக்கொண்டால், வேலை முடிந்ததும் கஸ்டமர் சீட்டில் ஓனர் முன்னிலையில் இதை பவர்ஷெல்லில் ஓட்டிக் காட்டுவதாக எழுதுங்கள்:

```
Test-NetConnection 192.168.10.5 -Port 445
```

`TcpTestSucceeded : False` என்று வர வேண்டும். டைமர் டிசிபி போர்ட்டில் ஓடுகிறது என்றால், அதே ஐபிக்கு அந்தப் போர்ட்டைக் கொடுத்தால் `True`. இரண்டும் வந்தால்தான் பிரிப்பு சரி.

"ஷேருக்குப் பாஸ்வேர்டு போட்டால் போதுமே, இதற்கு வீலானா?" என்று யாராவது கீழே வருவார்கள். பாஸ்வேர்டும் போடுங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரே நெட்வொர்க்கில் இருக்கும்வரை, ஒரு கஸ்டமர் மெஷின் தன்னையே ரவுட்டர் என்று பொய் ஏஆர்பி அனுப்பி, பில்லிங் டிராஃபிக்கைத் தன் வழியாக இழுத்துவிடலாம். பாஸ்வேர்டு அதைத் தடுக்காது. அதேபோல, கஸ்டமர் சீட்டில் கீலாகர் இருந்தால் வீலானும் ஒன்றும் செய்யாது. அதையும் எழுதிவிடுங்கள், பிறகு உங்கள் தலையில் விழும்.

இன்னொன்று. இன்னொரு ஓனர் நான் வரைந்து கொடுத்த சுவிட்ச் போர்ட் படத்தை அப்படியே வேறொருவரிடம் கொடுத்து வேலையை முடித்துக்கொண்டார். அந்த ஆள் சந்தேகம் கேட்டு எனக்கே போன் செய்தார்! இப்போதெல்லாம் அட்வான்ஸ் வராமல் படம் தருவதில்லை.