தவணையில் வாங்கிய மெஷின்: எது விலை, எது வட்டி?

ஐயா, கோவையில் சின்ன ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். அக்டோபர் 1 அன்று சிஎன்சி லேத் ஒன்று எடுத்தேன். ரொக்கமாகக் கொடுத்தால் 12,00,000 ரூபாய் என்று கொட்டேஷனில் இருந்தது. நான் முன்பணம் 2,07,000 கட்டினேன். மீதியை வருடத்துக்கு 3,99,300 வீதம் மூன்று தவணையாகக் கட்ட வேண்டும். மெஷின் கணக்கில் மொத்தம் 14,04,900 என்று எங்கள் கணக்குப்பிள்ளை ஏற்றிவிட்டார். சரிதானா?

சரியில்லை. மெஷின் கணக்கில் 12,00,000 மட்டும்தான் ஏற வேண்டும். மீதி 2,04,900 நீங்கள் வாங்கிய அவகாசத்துக்கான வட்டி. வழக்கமான கடன் கெடுவைத் தாண்டித் தவணை போனால், ரொக்க விலைதான் சொத்தின் அடக்கம், மிச்சம் வட்டிச் செலவு என்று கணக்கியல் தரநிலை 10 சொல்கிறது. வாங்கிய அன்றைய பதிவு இதுதான்: மெஷின் பற்று 12,00,000, வங்கி வரவு 2,07,000, விற்றவருக்குப் பாக்கி வரவு 9,93,000. வட்டி அன்றைக்கே வராது, நாள் ஓட ஓடத்தான் வரும். ஜிஎஸ்டியை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

14,04,900-ஐ அப்படியே விட்டால் தேய்மானமும் வீங்கிவிடும். 15 சதவீதத்தில் முதல் முழு வருடத் தேய்மானம் 1,80,000 ஆக இருக்க வேண்டியது, 2,10,735 ஆகிவிடும். வட்டியாக மூன்று தவணைக்குள் கழிய வேண்டிய பணம், தேய்மானம் என்ற பெயரில் பல வருடங்களுக்கு இழுபடும்.

வட்டி 2,04,900-ஐ மூன்றாகப் பிரித்து வருடத்துக்கு 68,300 போட்டுக்கொள்ளலாமா? விற்றவரும் ‘வட்டி 6.9 சதவீதம்தான்’ என்கிறார்.

கூடாது. பாக்கி குறையக் குறைய வட்டியும் குறைய வேண்டும். அந்த 6.9 என்பது ஃபிளாட் கணக்கு: 2,04,900-ஐ மூன்று வருடத்துக்கும், முதல் நாள் பாக்கியான 9,93,000-க்கும் வகுத்தால் வருவது. மூன்றாம் வருடம் உங்கள் கையில் பாக்கி அதில் பாதிகூட இருக்காது, ஆனாலும் முழுத் தொகைக்கு வட்டி போட்ட மாதிரி பேசுவார்கள். உண்மை விகிதம் தெரிய எக்ஸெல்லில் இதைத் தட்டுங்கள்:

```
=RATE(3,-399300,993000)
```

10% என்று காட்டும். இனி கணக்கு எளிது. முதல் வருடம் 9,93,000-க்கு வட்டி 99,300. தவணையில் அது போக 3,00,000 அசலுக்குப் போகும், பாக்கி 6,93,000. இரண்டாம் வருடம் வட்டி 69,300, அசல் 3,30,000, பாக்கி 3,63,000. மூன்றாம் வருடம் வட்டி 36,300, அசல் 3,63,000. பாக்கி பூஜ்யம். கடைசியில் சில்லறை ரூபாய்க்கு மேல் ஏதாவது நின்றால், விகிதமோ ரொக்க விலையோ எங்கோ தப்பு என்று அர்த்தம்.

முதல் தவணை அடுத்த செப்டம்பர் 30 அன்றுதான். அப்படியானால் இந்த மார்ச் 31 கணக்கில் வட்டியே இல்லை, அல்லவா?

தவணை கட்டும்போதுதான் வட்டி என்று நினைப்பதால் வரும் தவறு இது. நான் பார்த்த கணக்குகளில் அடிக்கடி இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். அக்டோபர் முதல் மார்ச் வரை ஆறு மாதம் ஓடிவிட்டது. ஆகவே 99,300-ல் பாதி, 49,650, இந்த நிதியாண்டின் செலவு. கட்ட வேண்டிய வட்டியாகப் பொறுப்பில் காட்டுங்கள். அடுத்த நிதியாண்டுக்கு மிச்சப் பாதியும் இரண்டாம் வருட வட்டியில் பாதியான 34,650-உம் சேர்ந்து 84,300. அதற்கடுத்து 52,800, கடைசியில் 18,150. கூட்டிப் பாருங்கள், 2,04,900 வரும்.

எங்கள் ஒப்பந்தத்தில் ரொக்க விலையே இல்லை. முன்பணம், தவணை, 10 சதவீத வட்டி மட்டும் இருக்கிறது. என்ன செய்வது?

கடைசித் தவணையிலிருந்து பின்னோக்கி நடங்கள். மேலே சொன்ன லேத்தையே எடுத்துக்கொள்வோம். கடைசித் தவணை 3,99,300-க்குள் அசலும் அதன் 10 சதவீத வட்டியும் இருக்கின்றன, அதாவது 110 பங்கில் 10 வட்டி. ஆகவே 11-ஆல் வகுக்க வேண்டும்: வட்டி 36,300, அசல் 3,63,000. இந்த அசலோடு இரண்டாம் தவணையைக் கூட்டினால் 7,62,300. அதை 11-ஆல் வகுத்தால் வட்டி 69,300, மிச்சம் 6,93,000. அதோடு முதல் தவணையைச் சேர்த்தால் 10,92,300, அதில் வட்டி 99,300, மிச்சம் 9,93,000. முன்பணம் 2,07,000-ஐக் கூட்டினால் 12,00,000 வந்துவிடும். தவணையில் நேராக 10 சதவீதம் எடுத்து 39,930 என்று எழுதுகிறவர்கள் உண்டு. அப்படி எழுதினால் எந்த வருடமும் ஒட்டாது.

‘வட்டியில்லாத் தவணை’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்களே?

அதே மெஷினை முழுப் பணமும் கொடுத்து எடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்டுக் கொட்டேஷன் வாங்குங்கள். குறைக்கிற தொகைதான் வட்டி, பேப்பரில் என்ன பெயர் எழுதியிருந்தாலும்.

மெஷின் பொருத்த மூன்று வாரம் ஆனது. அந்த நாட்களின் வட்டியை விலையோடு சேர்க்கலாமா?

கணக்குப் புத்தகத்தில் வேண்டாம். தயாராவதற்கு நீண்ட காலம், பொதுவாக ஒரு வருடம்போல, பிடிக்கிற சொத்துக்குத்தான் அப்படிச் சேர்ப்பார்கள். மூன்று வாரம் அதில் வராது. வருமான வரிக் கணக்கு தனி. அங்கேயும் மெஷின் ஓட ஆரம்பித்த நாளுக்குப் பிறகான வட்டி விலையில் ஏறாது.