அறுவை சிகிச்சைக்கு முன் புகைப்பழக்கத்தை விடச் சொல்லலாமா?

"அவசரமில்லாத அறுவைக்கு முன் புகைப்பழக்கத்தை விடச் சொல்வது பாரபட்சம் என்கிறது விவாதத்தில் எதிரணி. பாதுகாப்பு என்பதைத் தாண்டி என்ன சொல்வது?"

சொல்லலாம், விடாதவருக்கு அறுவையே இல்லை என்பதுதான் அநியாயம். இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதால்தான் மாட்டிக்கொள்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

2002இல் வெளியான டென்மார்க் ஆய்வைச் சொல்லுங்கள். இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றுக்கு 6 முதல் 8 வாரம் முன்பே ஆலோசனையும் நிக்கோட்டின் மாற்றும் கொடுத்தார்கள். உதவி பெற்றவர்களில் 18 சதவீதத்தினருக்கே சிக்கல் வந்தது, பெறாதவர்களில் 52. முக்கியமாகப் புண் ஆறுவதில்தான் வித்தியாசம்.

எந்த விதியையும் இப்படிச் சோதியுங்கள்: விட உதவி தருகிறதா? தள்ளிப்போடுவதற்குக் கெடு உண்டா? இரண்டும் இல்லையென்றால் எதிரணி சொல்வதே சரி.

ஒன்று, காத்திருப்பதும் இலவசமல்ல. நடக்க முடியாத வலியில் மாதக்கணக்கில் கிடப்பவருக்கு அதுவே ஆபத்து.